விளையாட்டுச் சந்தாவும் முறையீட்டுக் கடிதமும்

புவனகிரியில் தையற்கடை நடத்தும் ஒருவரின் அலைபேசி இருப்புத்தொகையில் மார்ச் 4, 11, 18 ஆகிய நாள்களில் 35 ரூபாய் வீதம் மொத்தம் 105 ரூபாய் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். கணக்கு விவரத்தில் அத்தொகைக்கு எதிரே ‘விளையாட்டுச் சந்தா’ என்னும் குறிப்பு உள்ளது. அவரோ எந்த விளையாட்டையும் கேட்டுப் பெற்றதில்லை. சேவை நிறுவனத்திற்கு அவர் எழுதும் கடிதம் எதனை வலியுறுத்த வேண்டும்?

இதற்கான விடை ஒரு விதியில் உள்ளது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலை 10 அன்று பிறப்பித்த ஆணையின்படி, இத்தகைய கட்டணச் சேவையைத் தொடங்குவதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை இருமுறை பெறுதல் வேண்டும். விளம்பரத்தின்மீது தவறுதலாக ஒருமுறை விரல் பட்டாலே சந்தா தொடங்கிவிடுதல் கூடாது என்பதே இதன் நோக்கம். எனவே, ‘பணம் போய்விட்டது’ என்று வருந்தி எழுதுவதைவிட, ‘இரண்டாம் ஒப்புதலின் பதிவைக் காட்டுக’ என்று கேட்பதே வலிமையுடையது.

கடிதம் எழுதுமுன் 155223 என்னும் எண்ணின்வழியே சந்தாவை நிறுத்துதல் வேண்டும். இல்லையேல் அடுத்த வாரமும் தொகை குறையும். பின்னர், நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட்டுப் புகார் எண்ணைப் பெறுதல் வேண்டும். கடிதத்தின் உடற்பகுதி பின்வருமாறு அமையலாம்:

“ஐயா, எனது அலைபேசி இணைப்பில் மார்ச் 4, 11, 18 ஆகிய நாள்களில் விளையாட்டுச் சந்தாவிற்காக 105 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. இச்சேவைக்கு நான் ஒப்புதல் அளிக்கவில்லை. மார்ச் 19 அன்று சேவையை நிறுத்திப் புகாரும் பதிவுசெய்துள்ளேன். ஒப்புதல் பெற்ற நாள், நேரம், முறை ஆகியவற்றின் பதிவை அளிக்கவும், பதிவு இல்லையெனில் முழுத்தொகையையும் திருப்பித் தரவும் வேண்டுகிறேன். கணக்கு விவரப் படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.”

இக்கடிதம் எல்லா நிலையிலும் பயன்தராது. வீட்டுப் பிள்ளைகள் அதே அலைபேசியில் இருமுறையும் ஒப்புதல் அளித்திருப்பின் நிறுவனத்திடம் பதிவு இருக்கும். அப்போது தொகையைத் திரும்பப் பெறுதல் அரிது. ஆதலால், வீட்டிலுள்ளோரை முதலில் கேட்டறிதல் நலம். மேலும், பணம் வங்கிக் கணக்கிலிருந்து சென்றிருந்தால் முறையீடு வங்கிக்கும் செயலி நிறுவனத்திற்குமே செல்ல வேண்டும்.

நிறுவனத்தின் விடை நிறைவளிக்காவிடில், அந்நிறுவனத்திலேயே அமைந்த மேல்முறையீட்டு அமைப்பை 30 நாள்களுக்குள் அணுகலாம். அங்கும் தீர்வு கிட்டாவிடில், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது. அங்கெல்லாம் முதலில் கேட்கப்படும் சான்றுகள் புகார் எண்ணும் கடிதத்தின் படியுமே. எனவே, கடிதத்தை அனுப்புமுன் அதன் படியொன்றைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.