கண்ணாடியைக் கழற்ற மூன்று லேசர் வழிகள்

கிட்டப்பார்வைக்கான லேசர் சிகிச்சைகள் மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்குவது. அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சமே தடித்த அந்தப் படலத்திலிருந்து, மைனஸ் 4 பவருக்குச் சுமார் 50 மைக்ரான் திசு எடுக்கப்படும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அது. அந்தத் திசுவை எந்த வழியாகச் சென்று எடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

லேசிக் முறையில் சுமார் 100 மைக்ரான் தடிமனுள்ள ஒரு மடல் வெட்டப்படுகிறது. ஓர் ஓரம் ஒட்டியிருக்க, கதவைப்போல அதைத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. மேற்படலம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஆனால் மடல் பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. ஆண்டுகள் கழித்தும் பலத்த அடி பட்டால் நகரக்கூடும். குத்துச்சண்டை போன்ற விளையாட்டில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

பி.ஆர்.கே. முறையில் மடலே இல்லை. மேற்படலத்தைச் சுரண்டி நீக்கிவிட்டு நேராக லேசர் பாய்ச்சப்படுகிறது. படலம் மறுபடி வளரும்வரை, நான்கைந்து நாள் பாதுகாப்பு கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பார்கள். அந்த நாட்களில் வலி, கண்ணீர், வெளிச்சத்தில் கூச்சம் எல்லாம் உண்டு. பார்வை முழுமையாகத் தெளிய ஒன்று முதல் மூன்று மாதம்கூட ஆகலாம்.

ஸ்மைல் முறையில் கருவிழிக்குள்ளேயே லேசர் ஒரு மெல்லிய வில்லையை வடிக்கிறது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கீறல் வழியே மருத்துவர் அதைப் பிரித்து வெளியே எடுக்கிறார். வலி குறைவு. ஆனாலும் முதல் சில நாட்கள் பார்வை லேசிக்கைவிடச் சற்று மங்கலாக இருக்கலாம்.

வறட்சிக்குக் காரணம் நரம்புகள். கருவிழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும் அவைதான் கண் காய்வதை உணர்ந்து, கண்ணீரையும் இமைத்தலையும் தூண்டுகின்றன. மடல் வெட்டும்போது ஒட்டியிருக்கும் ஓரம் தவிர, சுற்றிலும் அவை அறுபடுகின்றன. அதனால் லேசிக்கில் முதல் சில மாதங்கள் உறுத்தல் சகஜம். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தணியும், சிலருக்கு நீடிக்கும். ஸ்மைலில் அறுபடும் நரம்புகள் குறைவு, உணர்வும் விரைவில் திரும்புகிறது. ஆனால் ஓராண்டு கழிந்தால் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. பி.ஆர்.கே.யில் நடுப்பகுதியின் நரம்பு நுனிகள் மட்டும் அழிந்து மீண்டும் வளர்கின்றன. முதல் மாதங்களின் வறட்சி அதிலும் உண்டு.

மைனஸ் 4 பவரும் 540 மைக்ரான் கருவிழியும் உள்ள ஒரு கணினிப் பணியாளரை எடுத்துக்கொள்வோம். லேசிக் செய்தாலும் மடலுக்குக் கீழே 390 மைக்ரான் மிஞ்சும். பொதுவாகக் கேட்கப்படும் 300-ஐவிட அது அதிகம். எனவே தடிமனைப் பார்த்தால் மூன்றுமே அவருக்குச் சரி. முடிவு செய்ய வேண்டியது கண்ணீர்தான். இமையோரம் காகிதத் துண்டு வைக்கும் ஷெர்மர் சோதனையில், ஐந்து நிமிடத்தில் 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால், எந்த முறையாக இருந்தாலும் முதலில் வறட்சிக்கு வைத்தியம் பார்த்த பிறகே லேசரைப் பற்றி யோசிக்க வேண்டும்.