சமூக ஊடகம் வழியே சோதனை ஓட்ட முன்பதிவு

கார் வாங்க எண்ணுபவர், பணம் கட்டும் முன் அந்த வண்டியைத் தாமே ஓட்டிப் பார்ப்பது சோதனை ஓட்டம் எனப்படும். ஷோரூம்களில் இதை ‘டெஸ்ட் டிரைவ்’ என்றே சொல்வர். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் வழியே இதற்கு ஆள் சேர்ப்பது இன்று வாகன விற்பனையாளர்களின் வழக்கமான பணியாகிவிட்டது. இதில் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்றுதான். படிவம் நிரப்பியவர்களின் எண்ணிக்கையை முன்பதிவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் எண்ணவேண்டியது, வண்டியில் ஏறி அமர்ந்தவர்களை.

பேஸ்புக் விளம்பரத்தில் உள்ள உடனடிப் படிவம், பயனரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவரது கணக்கிலிருந்து எடுத்துத் தானே நிரப்பிவிடும். இரண்டு முறை தொட்டால் படிவம் போய்ச் சேர்ந்துவிடும். இந்த எளிமையே சிக்கலும் ஆகும். சிலர் கைதவறித் தொட்டிருப்பர்; சிலரது கணக்கில் இருப்பது எப்போதோ கைவிட்ட பழைய எண்ணாக இருக்கும். படிவம் அமைக்கும்போது More volume, Higher intent போன்ற வகைகள் திரையில் தோன்றும். Higher intent வகையில், அனுப்பும் முன் விவரங்களை ஒருமுறை சரிபார்க்கும்படி பயனர் கேட்கப்படுவார். அதனால் படிவங்கள் குறையும், ஒவ்வொன்றின் விலையும் கூடும். இருந்தும் சோதனை ஓட்டத்திற்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். திருச்சியில் ஒரு ஷோரூம் இரு விளம்பரங்களுக்குத் தலா 20,000 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். முதலாவதில் 100 படிவங்கள் வருகின்றன. ஒன்றின் விலை 200 ரூபாய். அவர்களில் 55 பேர் தொலைபேசியை எடுக்கிறார்கள், 20 பேர் நேரம் குறிக்கிறார்கள், 8 பேர் வந்து ஓட்டுகிறார்கள். இரண்டாவதில் 50 படிவங்களே வருகின்றன. ஒன்றின் விலை 400 ரூபாய். ஆனால் 38 பேர் பேசுகிறார்கள், 24 பேர் நேரம் குறிக்கிறார்கள், 16 பேர் ஓட்டுகிறார்கள். படிவத்தை மட்டும் பார்த்தால் முதல் விளம்பரம் பாதி விலை. ஓட்டத்தைக் கணக்கிட்டாலோ முதலாவதில் ஓர் ஓட்டத்திற்கு 2,500 ரூபாய், இரண்டாவதில் 1,250 ரூபாய். மாத இறுதி அறிக்கையில் படிவ எண்ணிக்கை மட்டுமே இருந்தால், நல்ல விளம்பரத்தை நிறுத்திவிட்டு மோசமானதற்குப் பணம் கூட்டும் தவறு நேரும். கணினித் தாளில் படிவம், பேசியவர், நேரம் குறித்தவர், ஓட்டியவர் என நான்கு பத்திகள் போட்டு நிரப்பி வந்தால் போதும். எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்பது ஓரிரு வாரங்களில் புலப்படும்.

பேசியவர் குறைவு என்றால் பெரும்பாலும் தாமதமே காரணம். இரவு ஒன்பது மணிக்குப் படிவம் நிரப்பியவரை மறுநாள் மதியம் அழைத்தால், அதற்குள் வேறு ஷோரூம் அவரிடம் பேசியிருக்கும். படிவம் வந்த சில நிமிடங்களில், கேட்ட வண்டியின் பெயர், ஷோரூமின் இருப்பிட இணைப்பு, தேர்வு செய்ய இரண்டு நேரங்கள் ஆகியவற்றுடன் வாட்ஸ்அப் செய்தி போகவேண்டும். ‘எப்போது வருகிறீர்கள்?’ என்ற பொதுக் கேள்வியைவிட, ‘சனிக்கிழமை காலை 11 மணியா, மாலை 5 மணியா?’ என்று கேட்டால் பதில் எளிதில் வரும்.

நேரம் குறித்தும் வராதவர்கள் மிகுந்தால் காரணம் வேறு. அடிக்கடி நடப்பது இது: விளம்பரத்தில் காட்டியது ஆட்டோமேட்டிக் வண்டி, ஓட்டிப்பார்க்க நிற்பதோ கியர் மாற்றி ஓட்டும் வண்டி. முதல் நாள் பேச்சில் இது தெரிந்ததும் வாடிக்கையாளர் வராமலே இருந்துவிடுவார். ஷோரூமில் இல்லாத வகையை விளம்பரப்படுத்தாமல் இருப்பதும், எந்த வகை வேண்டும் என்று படிவத்திலேயே கேட்பதும் இதற்குத் தீர்வு. முந்தைய நாள் மாலை அனுப்பும் நினைவூட்டலில் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவரச் சொல்லவேண்டும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்க முடியாது. வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அவர் மீண்டும் வருவது அரிது.

எதைப் பதிவிடுவது என்பதில், நிறுவனம் தரும் பளபளப்பான படங்களைவிட உள்ளூர்ச் சாலையில் எடுத்த முப்பது வினாடிக் காணொளி பயன் தரும். முழுக் குடும்பமும் ஏறியபின் வேகத்தடையில் அடி தட்டுகிறதா, பின் இருக்கையில் மூவர் நெருக்கமின்றி அமர முடியுமா, மதிய வெயிலில் நின்ற வண்டி எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்பவையே வாங்குபவரின் ஐயங்கள். இவற்றை ஓரளவு காட்டினால், மீதியை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தோன்றும். பின்னூட்டத்தில் விலை கேட்பவருக்கு ‘இன்பாக்ஸ் பார்க்கவும்’ என்று எழுதுவது பரவலான, ஆனால் எரிச்சலூட்டும் பழக்கம். சாலைவிலை எந்த அளவில் தொடங்குகிறது என்பதை அங்கேயே எழுதிவிட்டு முன்பதிவு இணைப்பைக் கொடுப்பது மேல்.

தமிழ்நாட்டில் ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவர். ஆயினும் பார்த்து வைப்பதற்கு அந்தத் தடை இல்லை. ஆடியில் ஓட்டிப் பார்த்தவர் ஆவணியில் வாங்கக்கூடும் என்பதால், அம்மாத விளம்பரத்தின் பலனை அதே மாத விற்பனையை வைத்து அளந்தால் கணக்குத் தவறிவிடும்.