குறுக்குக் குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

ஒரு மேல்நிலைத் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் கோயில் முனைக்குப் போகிறது, இன்னொன்று சந்தை முனைக்கு. இரண்டு முனைகளையும் ஒரு குறுக்குக் குழாய் இணைக்கிறது. கோயில் முனைக்கு விநாடிக்கு 8 லிட்டர் வேண்டும், சந்தை முனைக்கு 12. தொட்டியிலிருந்து மொத்தம் 20 லிட்டர் இறங்க வேண்டும் என்பதுவரை எவரும் சொல்லிவிடலாம். அதில் எந்தக் குழாய்க்கு எவ்வளவு, குறுக்குக் குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால்தான் சிக்கல். குழாய்கள் மரக்கிளைபோலப் பிரிந்துகொண்டே போனால், கடைசி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் போதும். வளையம் வந்துவிட்டால் அந்தக் கூட்டலை எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கட்டமைப்புப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஹார்டி கிராஸ். கட்டடச் சட்டங்களின் கணக்கை, முதலில் ஊகித்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் முறைக்கு 1930-இல் கொண்டுவந்தவர். 1936-இல் அதே புத்தியைக் குழாய்களுக்கும் காட்டினார். அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில் ஓட்டத்தை ஊகித்து வளையம் வளையமாகத் திருத்த வேண்டும். கல்லூரிகளில் அவர் பெயரால் சொல்லித்தருவது பெரும்பாலும் இதைத்தான். மற்றதில் ஒவ்வொரு முனையிலும் நீர்மட்டத்தை ஊகித்து முனை முனையாகத் திருத்த வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பது அதில் கண்ணுக்குத் தெரியும்.

நீர்மட்டம் என்று நான் சொல்வதைப் பொறியாளர்கள் 'ஹெட்' என்பார்கள். முனையில் குழாயைத் துளைத்து நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினால் தண்ணீர் எதுவரை ஏறி நிற்குமோ, அந்த உயரம். எல்லா முனைகளுக்கும் ஒரே அடிமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். நம் தொட்டியில் அது 30 மீட்டர். குழாயில் தண்ணீர் ஓட ஓட, உராய்வில் மட்டம் இறங்கும். விநாடிக்கு 10 லிட்டர் ஓடினால் தொட்டி–கோயில் குழாயில் 2 மீட்டர் இறங்கும். குறுக்குக் குழாயிலும் அப்படியே. தொட்டி–சந்தைக் குழாய் ஒல்லி, அதில் 5 மீட்டர் இறங்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஊகம். கோயில் 28, சந்தை 26 என்று எழுதிக்கொள்கிறேன். தொட்டிக்கும் கோயிலுக்கும் மட்ட வித்தியாசம் 2 மீட்டர், ஆகவே 10 லிட்டர் வருகிறது. கோயிலுக்கும் சந்தைக்கும் அதே 2 மீட்டர், ஆகவே 10 லிட்டர் போகிறது. வந்தது முழுக்கச் சந்தைக்குப் போய்விட்டால் கோயிலுக்கு வேண்டிய 8 லிட்டர் எங்கே? பற்றாக்குறை 8. மட்டத்தை அதிகமாக ஊகித்துவிட்டேன். இறக்கினால் தொட்டியிலிருந்து கூடுதலாக வரும், சந்தைக்குக் குறைவாகப் போகும்.

எவ்வளவு இறக்குவது? மட்ட வித்தியாசம் 2 சதவீதம் மாறினால் ஓட்டம் 1 சதவீதம்தான் மாறும். இரட்டிப்பு விதியின் மறுபக்கம் இது. எனவே முனையைத் தொடும் ஒவ்வொரு குழாயிலும் ஓட்டத்தை வித்தியாசத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பற்றாக்குறையை இரட்டித்து அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் திருத்தம் கிடைக்கும். கோயிலில் 10÷2, 10÷2 இரண்டும் சேர்ந்து 10. இரட்டித்த பற்றாக்குறை 16. ஆக 1.6 மீட்டர் இறக்கம். கோயிலின் புது மட்டம் 26.40.

அடுத்து சந்தை. இங்கேதான் புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவார்கள். கோயிலின் பழைய 28-ஐயே வைத்துச் சந்தையைத் திருத்தினால் அது 27.92-க்கு ஏறிவிடும். கோயில் இறங்கியும் சந்தை ஏறியும் ஒன்றையொன்று தாண்டிவிட, தாளில் தண்ணீர் சந்தையிலிருந்து கோயிலுக்குத் திரும்பி ஓடும். திருத்திய மட்டத்தை உடனே பயன்படுத்த வேண்டும். கோயில் 26.40 என்று வைத்தால் தொட்டியிலிருந்து 8.94, கோயிலிலிருந்து 4.47, மொத்தம் 13.41 லிட்டர் சந்தைக்கு வருகிறது. தேவை 12, உபரி 1.41. இப்போது வகுத்தால் ஏற்றம் 0.21 மீட்டர், சந்தை 26.21.

இரண்டாம் சுற்றில் கோயில் 26.63, சந்தை 26.41. மூன்றாவதில் 26.81, 26.55. ஐந்தாவதில் 27.00, 26.70. இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் நத்தை வேகத்தில். காரணம் குறுக்குக் குழாய். அதில் மட்ட வித்தியாசம் கால் மீட்டர் அளவுக்குச் சிறியது. ஓட்டத்தை அவ்வளவு சிறிய எண்ணால் வகுத்தால் பெரிய எண் வரும். பெரிய எண்ணால் வகுத்த திருத்தம் சிறிதாகிவிடும். பக்கத்து முனை அசையாமல் நிற்கும்போது நான் தனியாக மேலே போக முடியாது. அவன் நகர்ந்தால் நான், நான் நகர்ந்தால் அவன் என்று இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கின்றன. அந்த வித்தியாசம் சுழியத்தை நெருங்கினால் கணக்கு ஏறக்குறைய உறைந்தே போகும்.

அப்போது இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டித் தூக்க வேண்டும். இரண்டாம் சுற்று முடிந்த இடத்துக்குத் திரும்புவோம். தொட்டியிலிருந்து இறங்குவது கோயில் பக்கம் 12.97, சந்தைப் பக்கம் 8.48; கூட்டினால் 21.45. வேண்டியது 20. ஊர் முழுக்கவே 1.45 லிட்டர் உபரி. இரண்டு முனைகளும் சேர்ந்து ஏறினால் குறுக்குக் குழாயில் எதுவும் மாறாது, ஆகவே அதைக் கணக்கிலிருந்தே விட்டுவிடலாம். தொட்டிக் குழாய்கள் இரண்டுக்கும் மட்டும் வகுத்துக் கூட்டினால் 6.21. இரட்டித்த உபரியை அதால் வகுக்க, ஏற்றம் 0.47 மீட்டர். ஒரே தாவலில் கோயில் 27.10, சந்தை 26.88. அதன்பின் சந்தையைத் தனியாகத் திருத்தினால் 26.79, கோயிலைத் திருத்தினால் 27.11. சரியான விடை 27.12, 26.80. ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டோம். தொட்டி–கோயில் 12 லிட்டர், தொட்டி–சந்தை 8, கோயிலிலிருந்து சந்தைக்குக் குறுக்கே 4.

உண்மைக் குழாயில் இழப்பு ஓட்டத்தின் இரண்டாம் அடுக்கில் துல்லியமாக ஏறுவதில்லை. நீர்வழங்கலில் பரவலாகப் பயன்படும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தில் அடுக்கு 1.85. அப்போது பற்றாக்குறையை இரண்டுக்குப் பதில் 1.85-ஆல் பெருக்க வேண்டும். மற்றபடி வேலை அதேதான். நூற்றுக்கணக்கான முனைகள் இருந்தால் இதைக் கையால் செய்ய எவருக்கும் பொறுமை இருக்காது. இன்று ஈபாநெட் போன்ற மென்பொருள்கள் எல்லா முனைகளின் மட்டத்தையும் ஒரே நேரத்தில் திருத்திவிடுகின்றன. நாம் இரண்டு முனைகளைக் கட்டித் தூக்கியதை, ஊர் முழுவதற்கும் சேர்த்துச் செய்வதுபோல.

தாளில் வந்த மட்டத்தைத் தெருவில் சரிபார்க்க ஓர் அழுத்தமானி போதும். சந்தை முனையின் தரை, நம் அடிமட்டத்திலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்போம். அங்கே அழுத்தம் 14.8 மீட்டர், மானியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ காட்ட வேண்டும். அது 1.1 கிலோவுக்கு இறங்கியிருந்தால் உடனே சந்தைக் குழாயைத் தோண்ட வேண்டாம். கோயில் முனைக்குப் போய் அங்கேயும் மானியைப் பொருத்திப் பாருங்கள். அங்கே மட்டம் 27.12-லிருந்து 28.7-க்கு ஏறியிருந்தால், குறுக்குக் குழாயின் வால்வை யாரோ மூடியிருக்கிறார்கள். சந்தைக்கான 12 லிட்டரும் ஒல்லிக் குழாய் வழியாகவே வருகிறது, 7.2 மீட்டர் இழந்து 22.8-இல் நிற்கிறது. கோயிலும் சேர்ந்து இறங்கியிருந்தால் சங்கதி வேறு: தொட்டிப் பக்கம் அடைப்பு, அல்லது வழியில் எங்கோ கசிவு.