நெற்றியில் ஒரு புள்ளி

மேற்கு டெல்லி ஜனக்புரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அறுபதாம் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வீட்டு மொட்டைமாடியில் சில படங்கள், மாலையில் பக்கத்துப் பூங்காவின் புல்தரையில் சில, இரவு மண்டபத்து எல்.இ.டி. வெளிச்சத்தில் சில. ஒரே மாமி மாடியில் மாநிறமாக இருப்பார். பூங்காவில் முகத்தில் லேசாகப் பச்சை ஏறியிருக்கும், மண்டபத்தில் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் தெரிவார். தனித்தனியாகப் பார்க்கும்போது எதுவும் உறுத்தாது, ஏனென்றால் வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் மூன்றையும் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கண்ணை நம்ப முடியாத இந்த இடத்தில்தான் எண்கள் கைகொடுக்கின்றன. போட்டோஷாப்பில் Color Sampler என்றொரு கருவி உண்டு. படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே ஒரு குறி நிற்கும். அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரையிலான எண்களாக Info பலகையில் தெரியும். படத்தைத் திருத்தத் திருத்த, பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கன்னம் இயல்பிலேயே சிவந்திருக்கும், மூக்கு நுனி பளபளக்கும், கண்ணடியில் கருமை. புருவத்துக்குச் சற்று மேலே, மினுக்கமும் நிழலும் இல்லாத நெற்றிதான் வசதி. ஆனால் நம் வீட்டு விசேஷங்களில் அங்கேதான் விபூதியும் சந்தனமும் குங்குமமும் குடியிருக்கும்! அவற்றைத் தவிர்த்து ஓரமாக வைக்க வேண்டும். எல்லாப் படத்திலும் அதே ஓரம். கருவியின் Sample Size அளவை 5 by 5 Average என்று மாற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒரே ஒரு பிக்சலின் இரைச்சலையே தோலின் நிறமென்று எடுத்துக்கொள்வோம்.

மாடியில் எடுத்த படத்தை அளவுகோலாகக் கொள்வோம். மாமியின் நெற்றியில் சிவப்பு 182, பச்சை 138, நீலம் 112. பூங்காப் படத்தில் அதே இடம் 150, 124, 92. உடனே சிவப்பில் கைவைக்கக் கூடாது. இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன: படம் இருட்டாகவும் இருக்கிறது, நிறமும் மாறியிருக்கிறது. முதலில் இருட்டைத் தீர்க்கலாம். பிரகாசத்தில் பெரும்பங்கு பச்சைக்கு என்பதால் அதைப் பிடித்துக்கொள்வோம். Curves அடுக்கில் மூன்று நிறங்களுக்கும் பொதுவான கோட்டில் 124 என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்து 138க்கு உயர்த்தினால், மற்ற இரண்டும் கூடவே ஏறிச் சுமார் 163, 104 என்று நிற்கும். மாடிப் படத்தோடு ஒப்பிட்டால் பச்சை சரி, சிவப்பில் 19 குறைவு, நீலத்தில் 8 குறைவு. புல்லிலிருந்து தெறித்த வெளிச்சத்தின் வேலை இது. இனி அதன்மேல் இன்னொரு Curves அடுக்கு போட்டு, சிவப்புக் கோட்டில் 163ஐ 182 ஆக்கலாம், நீலக் கோட்டில் 104ஐ 112 ஆக்கலாம்.

முகம் சரியாகிவிட்டது. ஆனால் வளைகோடு முகத்தை மட்டும் தொடுவதில்லை, படம் முழுவதையும் இழுக்கிறது. அதனால் மாமாவின் வெள்ளை வேட்டியில் இரண்டாவது புள்ளி ஒன்று தேவை. திருத்தத்துக்குப் பின் அங்கே மூன்று எண்களும் நெருங்கி வந்தால், பச்சை எல்லோர்மேலும் ஒரேபோல் விழுந்திருக்கிறது என்று பொருள். அதே திருத்தத்தை அந்த வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அப்படியே நகலெடுக்கலாம். வேட்டி இளஞ்சிவப்பாக மாறினால் பச்சை மாமியின் முகத்தில் மட்டும் இருந்திருக்கிறது. அப்போது Layer Mask போட்டு, திருத்தத்தை முகத்தோடு நிறுத்த வேண்டும்.

எண்கள் கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டியதில்லை. நாலைந்து வித்தியாசத்தை அச்சில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம் என்ற வரிசையும் அவற்றுக்கிடையிலான இடைவெளியும் கலையாமல் இருந்தால் போதும்.

இந்த எண்களை இன்னொருவர் முகத்துக்குக் கொண்டுபோவதுதான் பெரிய பிழை. கோடக் நிறுவனம் அந்தக் காலத்தில் போட்டோ லேப்களுக்கு அனுப்பிய 'ஷர்லி' அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கருத்த முகங்கள் விவரமின்றி இருண்டுபோனதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். எல்லோருக்கும் பொதுவான 'சரியான தோல் எண்' ஒன்று இருப்பதாக நம்பும் ஸ்டுடியோக்கள் அதையே திரும்பச் செய்கின்றன. மாமிக்கு மாமியின் மாடிப் படம்தான் அளவுகோல். பக்கத்தில் நிற்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் அவரவர் நெற்றியில் தனித்தனிப் புள்ளி வேண்டும். ஒரு படத்தில் 10 புள்ளிகள்வரை வைக்கலாம், நடுத்தர அளவிலான குடும்பத்துக்கு அது தாராளம்.