பக்கம் 14, பால்கனி

கட்டடக் கணக்கைச் சரிபார்க்கும் பொறியாளர் ஓரத்தில் "பால்கனி தளம் போதாது" என்று மட்டும் எழுதினால், கணக்குப் போட்டவருக்குக் கோபம்தான் வரும். எது போதாது, எந்த விதிப்படி?

ஓர் உதாரணம். சுவரிலிருந்து 1,800 மி.மீ. நீளும் பால்கனி, தளத்தின் பயனுறு ஆழம், அதாவது அடி விளிம்பிலிருந்து மேல் கம்பியின் மையம் வரை, 125 மி.மீ. நீளத்தை ஆழத்தால் வகுத்தால் 14.4. கணக்கில் "20-க்குள், சரி" என்றிருக்கிறது. ஆனால் 20 என்பது இரு முனையிலும் தாங்கிய தளத்துக்கானது. ஒரு முனை மட்டும் பிடித்த தளத்துக்கு அடிப்படை வரம்பு 7. அடிக்கம்பி இல்லாத தளத்தில், மேல் கம்பிக்கான திருத்தக் காரணி உச்சமான 2 ஆனாலும் 14-தான்.

நான் இப்படி எழுதுவேன்: "பக்கம் 14: விகிதம் 14.4. ஐ.எஸ். 456:2000, பிரிவு 23.2.1-இன்படி கான்டிலீவருக்கு அடிப்படை 7. படம் 4-இன் காரணியோடு மறுபடி பார்க்கவும். ஆழத்தைக் கூட்டலாம், அல்லது இணைப்பு சி-இன்படி தொய்வைக் கணக்கிட்டுக் காட்டலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் மரியாதைக்காக அல்ல. இந்த விகிதம் ஒரு குறுக்குவழிச் சோதனை மட்டுமே. தொய்வை நேரடியாகக் கணக்கிட விதியே இடம் தருகிறது. வடிவமைப்பாளர் அப்படிக் காட்டிவிட்டால், பின்வாங்க வேண்டியவர் சரிபார்ப்பவர்தான்.