சூரியனுக்கு மிக அருகில், ஆனாலும் குளிர்காலம்

ஜனவரி முதல் வாரத்தில் சிட்னி மைதானத்தில் வழக்கமாக டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும். வெயில் தாங்காமல் வீரர்கள் முகத்தில் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு ஃபீல்டிங் செய்வார்கள். அதே வாரத்தில் டெல்லியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தெருவோரத்தில் மக்கள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வார்கள்.

ஆண்டிலேயே பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் அதே வாரத்தில்தான். அப்போது தூரம் ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15 கோடியே 21 லட்சமாகக் கூடிவிடும்.

அடுப்பை நெருங்கினால் சுடும், விலகினால் சூடு குறையும் என்ற அனுபவத்தை வைத்துத்தான் பலரும் பருவங்களுக்குத் தூரமே காரணம் என்று நினைக்கிறார்கள். புத்தகங்களில் பூமியின் பாதையை நீள்வட்டமாக இழுத்து வரைந்திருப்பதும் அந்த எண்ணத்தை வளர்த்துவிடுகிறது. உண்மையான பாதையை நீங்களே வரைந்து பார்க்கலாம். காம்பஸில் 10 சென்டிமீட்டர் ஆரம் எடுத்து ஒரு வட்டம் போடுங்கள். அதுதான் பூமியின் பாதை. அசல் பாதைக்கும் இந்த வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பென்சில் கோட்டின் தடிமனைவிடச் சிறியது. சூரியனை மட்டும் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 1.7 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். தூரம் கூடிக் குறைவது அந்தச் சிறு விலகலால்தான். அதனால் ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்கு சுமார் 7 விழுக்காடு கூடுதல் வெயில் கிடைக்கிறது. அது டெல்லிக்கும் சிட்னிக்கும் பொதுவான கூடுதல். அப்படியிருந்தும் ஒன்று நடுங்குகிறது, மற்றொன்று கொதிக்கிறது என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பூமி சுழலும் அச்சு நிமிர்ந்து நிற்கவில்லை, 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றிவரும்போது இந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் வடமுனை துருவ நட்சத்திரத்தின் பக்கமே நீண்டிருக்கிறது. அதனால் ஜூன் மாதத்தில் வடபாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்துப் பூமி சூரியனுக்கு மறுபுறம் போய்விடும். சாய்வு அதே திசையில் இருப்பதால், இப்போது வடபாதி சூரியனை விட்டு விலகியும் தென்பாதி சூரியனை நோக்கியும் இருக்கும்.

நோக்கிச் சாய்ந்த பாதி சூரியனுக்கு அருகில் போவதால்தான் சூடாகிறது என்று சிலர் சொல்வதுண்டு. பூமியின் முழு விட்டமே 12,700 கிலோமீட்டர்தான். 15 கோடிக்கு முன் அது ஒரு பொருட்டே இல்லை. சாய்வு மாற்றுவது வெயில் விழும் கோணத்தை.

ஜனவரி 3-ஆம் தேதி நண்பகலை எடுத்துக்கொள்வோம். சிட்னியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 79 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். டெல்லியில் 39 டிகிரிக்குமேல் ஏறாது. ஒரு மீட்டர் அகலமுள்ள வெயில் சிட்னித் தரையில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் விழுகிறது. டெல்லியில் அதே வெயில் சரிந்து விழுவதால் 1.6 மீட்டர் நீளத்துக்குப் பரவிவிடுகிறது. ஒரே அளவு வெயில் அதிக இடத்துக்குப் பங்கு போவதால் ஒவ்வோர் இடத்துக்கும் கிடைப்பது குறைகிறது. இதோடு பகலின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. சிட்னியில் அன்று 14 மணி நேரத்துக்கு மேல் பகல். டெல்லியில் பத்தே கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

கோணம், பகல் நீளம், தூரம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். மேகத்தையும் காற்றையும் விட்டுவிட்டால், டிசம்பர் 21 அன்று நாள் முழுவதும் டெல்லிக்கு வரும் வெயில், ஜூன் 21 அன்று வருவதில் ஏறத்தாழ பாதிதான். அருகில் இருப்பதால் கிடைக்கும் 7 விழுக்காட்டைச் சேர்த்த பிறகும் இந்த நிலை!

சென்னை நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கத்தில், 13 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரில்கூட அங்கே நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரம் ஏறிவிடும். மார்கழியில் ஸ்வெட்டர் தேவைப்படாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் சென்னையின் உச்சிக்கு நேராக வரும். அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். குச்சி ஒன்றை நட்டுவைத்து இதைத் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளி மைதானத்திலும் பார்க்கலாம். ஊருக்கு ஊர் தேதி மட்டும் சற்று மாறும்.

அப்படியானால் தூரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சூரியனுக்கு அருகில் வரும்போது பூமி வேகமாக ஓடுகிறது, விலகும்போது மெதுவாகப் போகிறது. அதனால் டிசம்பர் 21-லிருந்து இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20 வரை 89 நாட்கள்தான். ஜூன் 21-லிருந்து மறுபடி அவை சமமாகும் செப்டம்பர் 22 வரை 93 நாட்களுக்கு மேல். வடபாதியில் குளிர்காலம் கோடையைவிடச் சில நாட்கள் குறைந்திருப்பது தூரத்தால்தான்.