விற்பனைக்கு வைத்த ஆலை

ஒரு நிறுவனம் தன் நூற்பாலையை விற்க முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏட்டு மதிப்பு 10 கோடி ரூபாய். சந்தையில் 9 கோடி கிடைக்கும். தரகு, வக்கீல் செலவு 30 லட்சம். இந்தியக் கணக்கியல் தரநிலை 105-இன்படி, குறைந்த தொகையான 8.70 கோடிதான் இனி மதிப்பு, 1.30 கோடி நட்டம் உடனே கணக்கில் ஏறும். தேய்மானமும் அன்றோடு நிற்கும்.

தேய்மானம் நின்றால் லாபம் கூடுமே! தணிக்கையாளரின் சந்தேகம் இங்கேதான். இயக்குநர் குழுத் தீர்மானம் மட்டும் அவருக்குப் போதாது. ஆள் தேடிய கடிதங்கள் உண்டா, கேட்கும் விலை நியாயமா, ஓராண்டுக்குள் விற்குமா என்று பார்ப்பார். தீர்மானமே மார்ச் 31-க்குப் பிறகு வந்திருந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் இந்த வகைப்பாடு செல்லாது.

ஆலை தனிப் பெரும் தொழில் பிரிவென்றால் அதன் லாப நட்டம் தனி வரியில் வரும். சென்ற ஆண்டு எண்களும் அப்படியே பிரிக்கப்படும். சென்ற ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பை மட்டும் தொடுவதில்லை.